நாலரை நட்சத்திரத்து முக்காலி

பாதி நட்சத்திரத்தைப் படமாக வரையாமல் எழுத்தாகப் போட்டதுதான் புள்ளி செய்த தப்பு. கொலையில்லை, களவில்லை. பத்துப் பேரிடம் சொன்னால் ஒன்பது பேர் "அதனால என்ன?" என்று கேட்பார்கள், பத்தாவது ஆள் கொட்டாவி விடுவான்.

புள்ளி என்பது அவளுடைய பெயரில்லை. இணையத்தில் சாமான் விற்கிற கம்பெனி ஒன்றில், வாங்குபவர்கள் பார்க்கிற பக்கங்களை எழுதுவது அவள் வேலை. ஒரு பொத்தான் ஒரே ஒரு புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் போதும், வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவாள். அதனால் அலுவலகமே அவளைப் புள்ளி என்றுதான் கூப்பிட்டது. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அதுவரை பொருள்களின் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும் வாங்கியவர்கள் கொடுத்த மதிப்பெண்ணின் சராசரி வெறும் எண்ணாக இருந்தது. 4.4, 3.9 என்று. ஒருநாள் குழுத் தலைவர் வந்து மேசையைத் தட்டினார்.

"நம்பரை யாரும்மா பார்க்கிறாங்க? நட்சத்திரமாப் போடு. பட்டியல்ல நம்பரே வேண்டாம். உள்ளே போய்ப் பார்க்கிறவங்களுக்கு மட்டும் நம்பர் இருக்கட்டும்."

கணக்கு சின்னதுதான். சராசரியை இரண்டால் பெருக்கி, பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றி, மறுபடி இரண்டால் வகுத்தால் பக்கத்திலுள்ள அரை வந்துவிடும். 4.4 என்றால் நாலரை. 4.2 என்றால் நாலு. நாலே காலைத் தொட்டால் பாதி நட்சத்திரம் ஏறும், நாலே முக்காலைத் தொட்டால் அது முழுசாகும். எத்தனை முழுசு, பாதி உண்டா, மிச்சம் எத்தனை காலி, ஆக மொத்தம் ஐந்து. புள்ளி அரை நாளில் எழுதி முடித்தாள். கணக்கில் ஒரு பிசகும் கிடையாது. கடைசிவரை அந்தக் கணக்கில் பிசகே கிடையாது.

பிசகு அடையாளத்தில் இருந்தது. நிறைந்த நட்சத்திரமும் காலி நட்சத்திரமும் அ, ஆ மாதிரி எழுத்துகளாகவே எந்தப் போனிலும் இருக்கும், காலம் காலமாக இருப்பவை. பாதி நட்சத்திரம் அந்தக் கூட்டத்தில் பிந்திச் சேர்ந்தது. புதுப் போன்களில் இருக்கும். பழைய போனுக்கு அப்படியொரு எழுத்து இருப்பதே தெரியாது. தெரியாத எழுத்து வந்தால் போன் என்ன செய்யும்? ஒரு கட்டம் போட்டு, நடுவில் குறுக்கே பெருக்கல் குறி இழுத்துவிடும். அலுவலகத்துப் போன்கள் எல்லாமே புதுசு. எல்லாவற்றிலும் பாதி நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது.

புள்ளி சோதித்துப் பார்த்ததும் ஒரு முக்காலியை வைத்துத்தான். நாலரை வருகிற பொருள் ஒன்று வேண்டியிருந்தது. ஐம்பது பேர் மதிப்பெண் போட்டு, சராசரி 4.4-இல் நின்ற ஒரு மர முக்காலி அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். அது அவளுடைய அண்ணன் செய்தது.

அண்ணன் தச்சர். இருபது வருடம் ஒரு மரச்சாமான் ஆலையில் இருந்தவர். ஆலையை மூடியபோது நாற்பத்தாறு வயது. அதற்குப்பிறகு இரண்டு வருடம் அவர் படுக்கையறையை விட்டு வெளியே வந்ததே குறைவு. குளிக்கச் சொன்னால் குளிப்பார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அண்ணி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தள்ளினாள். பிறகு ஒருநாள், எதற்கென்று யாருக்கும் தெரியாது, வீட்டுப் பின்பக்கம் கிடந்த மரத்துண்டுகளை எடுத்து ஒரு முக்காலி செய்தார். அண்ணிதான் அதைப் படம் பிடித்துக் கம்பெனியின் கடையில் போட்டாள். விற்றது. இன்னொன்று செய்தார். அதுவும் விற்றது. நாளுக்கு ஐந்தாறு போக ஆரம்பித்ததும் மனிதர் காலையில் தானாக எழுந்தார், தலை வாரினார், கிண்டல்கூடப் பண்ணினார். அந்த முக்காலி வெறும் சரக்கில்லை என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

புள்ளி அப்போது அண்ணனிடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். கம்பெனியில் வேலை பார்ப்பவர்களின் சொந்தக்காரர் யாராவது அங்கே கடை வைத்திருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. அவள் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள்.

"அண்ணா, கடை விஷயமா எங்கிட்ட ஒண்ணும் பேசாதே. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். நான் உள்ளே இருந்து ஏதோ பண்றேன்னு ஒருத்தர் வாயில விழுந்தாலும் ரெண்டு பேருக்கும் ஆபத்து."

"சரி பாப்பா," என்றார் அண்ணன். அவர் சொன்னால் சொன்னதுதான். அதுதான் வினையாகப் போயிற்று.

நட்சத்திரங்கள் கடையில் தெரிய ஆரம்பித்த மூன்றாம் நாள் பூதக்கண்ணாடி வந்தார். பக்கங்களில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர், வீட்டுக்குப் போனாலும் அந்தப் புத்தி போகாது. அவர் கையில் ஒரு கிழட்டுப் போன்.

"இது என் மாமியார் போன். இங்கே பாருங்க. நாலு நட்சத்திரம், அதுக்கப்புறம் ஒரு கட்டம், உள்ளே பெருக்கல் குறி. ஏதோ தப்புன்னு குறி போட்ட மாதிரி இருக்கு. மாமியார் கேக்கறாங்க, இந்த சாமானை வாங்கக் கூடாதான்னு."

புள்ளி புள்ளிவிவரத்தைத் திறந்து பார்த்தாள். அவ்வளவு பழைய போனில் கடைக்கு வருகிறவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்.

"ஒன்பது பேர்தானே சார். மேலே எவ்வளவு வேலை குவிஞ்சு கிடக்கு பாருங்க. அப்புறம் பார்த்துக்கலாம்."

"நல்லாப் பாருங்க. ஒன்பதுங்கிறது மொத்தக் கடைக்கும் சேர்த்து."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் எழுதிக் கொடுத்த குறைக்குப் பக்கத்தில் 'பிறகு' என்று போட்டாள். மனிதர் சொன்னதில் விஷயம் இருந்தது. விலையுயர்ந்த கேமராவை வாங்குகிறவர்களில் ஒருவர் கையிலும் பழைய போன் இருக்காது. மலிவான மர முக்காலி வாங்குகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பழைய போன்காரர்கள். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் ஒன்பது. நாள் முழுக்கச் சராசரியோடு மாரடிக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து வாரம் கழித்து 'பிறகு' வந்தது. வேலை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில் புள்ளி அந்த எழுத்தைத் தூக்கி எறிந்தாள். காலி நட்சத்திரம் ஒன்றை வரைந்து, அதன்மேல் நிறைந்த நட்சத்திரம் ஒன்றை வைத்து, மேலே இருப்பதைப் பாதி அகலத்தோடு வெட்டினாள். இனி எந்தப் போனும் எந்த எழுத்தையும் தேட வேண்டாம், இது படம். கண் தெரியாதவர்களுக்குப் போன் வாசித்துச் சொல்வதற்காக 'ஐந்துக்கு நாலரை' என்ற வரியையும் சேர்த்தாள். இருபது நிமிட வேலை. பூதக்கண்ணாடியின் மாமியார் போனை வாங்கி, வழக்கம்போல அண்ணனின் முக்காலியைத் தேடினாள்.

நாலு நட்சத்திரம். ஐந்தாவது காலி.

பாதியைக் காணோம். புதிதாக எழுதியதில்தான் கோளாறு என்று நினைத்தாள். வெட்டுகிற அகலத்தைப் பார்த்தாள், பெருக்கல் வகுத்தலைப் பார்த்தாள், தன் போனில் பார்த்தாள், பக்கத்து மேசைக்காரர் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். மற்ற நாலரைப் பொருள்கள் எல்லாம் நாலரையாகவே தெரிந்தன. முக்காலி மட்டும் நாலு. ஒரு மணி நேரம் இப்படி மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பொருளைத் திறந்து எண்ணைப் பார்க்கத் தோன்றியது. 4.1 என்றிருந்தது. துல்லியமாகப் போனால் 4.06. அறுபத்திரண்டு பேர்.

ஐந்து வாரத்தில் பன்னிரண்டு புது மதிப்பெண்கள். ஐந்து பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். ஏழு பேர் ஒரு நட்சத்திரம்.

ஒற்றை நட்சத்திரம் கொடுத்தால் காரணம் எழுதியே ஆகவேண்டும் என்று கம்பெனி வைத்திருந்தது. ஏழு பேரும் எழுதியிருந்தார்கள். 'கால் ஆடுது.' 'காலு ஆடுகிறது, வாங்காதீர்கள்.' 'கால் ரொம்ப ஆடுது.' புள்ளிக்குக் கோபம் கோபமாக வந்தது. அண்ணன் கை பட்ட சாமானாவது, ஆடுவதாவது! எவனோ போட்டிக் கடைக்காரன் ஆள் வைத்து எழுதுகிறான் என்று பல்லைக் கடித்தாள். அப்படியே கீழே இறக்கிக்கொண்டு போனவள், இரண்டாவதாக வந்திருந்த மதிப்புரையில் நின்றாள்.

'நலம். நலமறிய ஆவல். முக்காலியின் கால் ஆடுகிறது. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.'

இந்த உலகத்தில் கடைக்காரனுக்கு நலம் விசாரித்துவிட்டு ஒரு நட்சத்திரம் போடக்கூடிய ஒரே ஆள் அவளுடைய அம்மா. புள்ளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பினாள்.

அண்ணன் பின்பக்கக் கொட்டகையில் மரத்தூளுக்கு நடுவே நின்று இழைத்துக்கொண்டிருந்தார். சுவரோரம் ஏழு அட்டைப்பெட்டிகள், கம்பெனியின் ஒட்டுநாடாகூடப் பிரிக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. வாங்கியவர்கள்தான் மதிப்பெண் போட முடியும். ஆகவே சொந்தக்காரர்கள் ஏழு பேர் அண்ணனிடமிருந்தே முக்காலி வாங்கி, கூரியர்காரர் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போய், அவர்கள் வீட்டில் கொடுத்து, அவர்கள் மறுபடி இங்கேயே கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

"என்ன பாப்பா, இந்த நேரத்துல? வா, வா. உட்காரு. உட்கார மட்டும் இங்க பஞ்சமே இல்ல," என்று சிரித்தார்.

"அண்ணா, யாரு உனக்கு ஒத்தை நட்சத்திரம் போட்டது?"

சிரிப்பு நின்றது. அண்ணி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"நீதானே கடை விஷயம் பேசக் கூடாதுன்னே."

"இப்ப பேசு."

அவர் அண்ணியின் போனை வாங்கிக் காட்டினார். அது பூதக்கண்ணாடியின் மாமியார் போனுக்கு அக்கா வயதிருக்கும்.

"ஒருநாள் காலையில பார்த்தா நம்ம முக்காலிக்கு நாலு நட்சத்திரம், கடைசியில ஒரு கட்டம், உள்ளே பெருக்கல் குறி. அன்னியிலிருந்து ஆர்டரே நின்னு போச்சு. ஆறு போன இடத்துல ஒண்ணு. சில நாள் அதுவும் கிடையாது. கம்பெனிக்கு எழுதினேன். மதிப்பெண் வாங்கறவங்க போடறது, நாங்க மாத்த மாட்டோம்னு பதில் வந்துச்சு. அப்ப அது ஏதோ குறி, நம்ம மேல சந்தேகப்பட்டுப் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். அப்புறம் உங்க அண்ணிதான் கண்டுபிடிச்சா."

"நான் என்ன கண்டேன்," என்றாள் அண்ணி தயங்கித் தயங்கி. "பட்டியல் முழுக்கப் பார்த்தேன். நாலு இருக்கிறவங்களுக்குக் கட்டம் இல்ல. மூணு இருக்கிறவங்களுக்கும் இல்ல. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கிறவங்களுக்குத்தான் இருக்கு. அப்ப கொஞ்சம் கீழே இறங்கினா கட்டம் போயிடுமேன்னு..."

"போயிடுச்சு பாப்பா!" அண்ணனின் முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. "மூணு பேர் போட்டதும் போயிடுச்சு. மறுநாளே நாலு ஆர்டர். அப்புறம் ஒரு கூத்து. வாங்கினவங்க நல்லாருக்குன்னு அஞ்சு அஞ்சா போட ஆரம்பிச்சுட்டாங்க. மூணாவது அஞ்சு விழுந்ததும் கட்டம் திரும்பி வந்துச்சு. அப்புறம் எவனாவது நல்லாருக்குன்னு போட்டாலே ஓடிப் போய் போனைப் பார்ப்பேன். ரெண்டு பேரைப் போடச் சொன்னேன். அப்புறம் எதுக்கும் இருக்கட்டும்னு இன்னும் ரெண்டு. இப்ப நல்லாப் போகுது. நேத்து மட்டும் அஞ்சு."

புள்ளி மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். மூன்று ஒன்று விழுந்ததும் நாலே காலுக்குக் கீழே இறங்கியிருக்கும். மூன்று ஐந்து விழுந்ததும் சரியாக நாலே காலில் வந்து நின்றிருக்கும். அவள் எழுதிய கணக்கு கொஞ்சமும் பிசகாமல் இந்த வீட்டில் வேலை செய்திருக்கிறது. எல்லைக்கோடு எங்கே இருக்கிறதென்று தெரியாமலே இரண்டு பேர் அதைத் தடவித் தடவிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"கால் ஆடுதுன்னு ஏன் எழுதச் சொன்னே?"

"காரணம் கேட்டுச்சே. என்ன சொல்றது? மரம் மட்டம்னா நம்புவாங்க. வெடிப்பு இருக்குன்னா நம்புவாங்க. யோசிச்சு யோசிச்சுத்தான் இதைச் சொன்னேன்." அவர் பக்கத்திலிருந்த முக்காலி ஒன்றைத் தூக்கி, மேடும் பள்ளமுமாக இருந்த தரையில் வைத்து, மேலே ஏறி நின்றார். "மூணு கால் வச்சது எங்கேயாவது ஆடுமா? நாலு காலா இருந்தா ஒண்ணு தூக்கும், ஆடும். மூணு கால் எந்தத் தரையிலயும் உட்கார்ந்துடும். புத்தி இருக்கிறவன் படிச்சதுமே இது பொய்யின்னு சிரிச்சுட்டுப் போயிடுவான். சாமானுக்குக் கெட்ட பேர் வராது."

அந்தப் பொய்யை அவர் எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று புள்ளிக்குப் புரிந்தது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அண்ணா, அது குறியே இல்ல. பாதி நட்சத்திரம். நாலரைன்னு காட்டணும். பழைய போன்ல அந்த எழுத்து இல்ல, அதனால கட்டமாத் தெரிஞ்சிருக்கு. நான்தான் எழுதினேன். மூணாவது நாளே ஒருத்தர் எங்கிட்டச் சொன்னாரு. நான்தான் அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். இன்னிக்குக் காலையிலதான் சரி பண்ணினேன்."

அண்ணன் முக்காலியிலிருந்து இறங்கினார்.

"அப்ப ஒண்ணும் பண்ணாம இருந்திருந்தா?"

"இன்னிக்கு நாலரை தெரிஞ்சிருக்கும். எல்லார் போன்லயும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கேட்காதே என்று வாயைக் கட்டியவள் அவள்தான்.

"சரி விடு," என்றார் அண்ணன். "இன்னும் எத்தனை பேர் அஞ்சு போட்டா திரும்பி ஏறும்?"

"பதினாறு."

"பதினாறா? ரெண்டு மாசம். ஆகட்டும், பார்த்துக்கலாம்." இழைப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டார். அவ்வளவு சுலபமாக மன்னிக்கிற ஆளிடம் கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை. புள்ளிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அன்று மாலை அண்ணி கொடுத்த தேநீரை மூன்று பேரும் அந்தப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து குடித்தார்கள்.

மூன்றாம் நாள் அண்ணனுக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆள் உட்காரும் பொருள் ஒன்றைப் பற்றி ஐந்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே குறையைச் சொன்னால், அது ஆட்களைக் கீழே தள்ளிவிடும் பொருள் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரே வார்த்தையை எண்ணிக்கொண்டிருக்கிற இயந்திரம் அது. முக்காலிக்கு எத்தனை கால் என்று அதற்குத் தெரியாது. விற்பனை நிறுத்தப்பட்டிருந்தது. ஏழு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். குறை இல்லையென்றால் ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் வேண்டும், அது கிடைக்க ஆறு வாரமாகும். மதிப்புரைகள் பொய் என்றால் அதற்கு ஆதாரம் வேண்டும். குறை உண்டென்று ஒப்புக்கொண்டால் பொருள் நீக்கப்படும், ஒரு வருடம் கழித்து வேறு பொருளோடு விண்ணப்பிக்கலாம்.

புள்ளி தலைவரின் அறைக்குப் போனாள். யாரோ ஒரு கடைக்காரரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"சார், ஒரு கடைக்காரர் தன் சாமானுக்குத் தன் வீட்டு ஆளுங்களை வச்சே ஒத்தை நட்சத்திரம் போட்டுக்கிட்டா என்ன ஆகும்?"

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "எவனாவது போட்டுக்குவானா?"

"ஒரு பேச்சுக்கு."

"ஒண்ணு போட்டாலும் அஞ்சு போட்டாலும் மோசடி மோசடிதான். கடையை நிரந்தரமா மூடிடுவாங்க. அந்த ஆள் பேர்ல இனிமே இங்கே ஒரு ஊசிகூட விற்க முடியாது. ஏன், யாராவது அப்படிப் பண்ணியிருக்காங்களா?"

"நம்ம கட்டத்தைப் பார்த்துப் பயந்து பண்ணியிருந்தா? பாதி நட்சத்திரம் தெரியாம இருந்துச்சே சார், அஞ்சு வாரம். அது நம்ம தப்புதானே?"

தலைவர் சிரிப்பை நிறுத்தினார். "அதைப் பிறகு பார்த்துக்கலாம்னு எழுதினது யாரு? உன் பேர்தானே இருக்கு? நல்ல வேலைக்காரி நீ. இதைக் கிளறாதே."

ஏழாம் நாள் விடுமுறை. புள்ளி காலையிலேயே போனாள். அண்ணி கதவைத் திறந்து உள்ளே கையைக் காட்டினாள். அண்ணன் கொட்டகையில் இல்லை. கூடத்தில், மடித்து வைத்த போர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலை வாரவில்லை.

அவள் தலைவர் சொன்னதைச் சொன்னாள். பிறகு, ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததையும் சொன்னாள். "நான் போய் எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துடறேன் அண்ணா. நீ என் அண்ணன்னு, தப்பு என்னோடதுன்னு, நீ பயந்துதான் பண்ணினேன்னு. நடந்தது நடந்தபடி."

"எழுதினா கடையைத் திறந்துடுவாங்களா?"

"மாட்டாங்க."

"உன் வேலை இருக்குமா?"

"தெரியல அண்ணா."

"அப்புறம் எதுக்கு? அம்மா பேரும் வரும், உங்க அண்ணியோட தம்பி பேரும் வரும். மோசடி பண்ணின குடும்பம்னு ஆயிடும். வேண்டாம்." மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினார். "ஒத்துக்கிறேன்னு போடு. நீயே அடி. எனக்கு அதுல எழுத வராது."

புள்ளி படிவத்தைத் திறந்தாள். பொருளின் பெயர். கடையின் எண். சொல்லப்பட்ட குறை: கால் ஆடுகிறது. கடைக்காரரின் பதில்: ஆம், இல்லை. அவள் விரல் அங்கேயே நின்றது.

"ஆமான்னு போடு," என்றார் அண்ணன்.

போட்டாள்.

குறைக்கான காரணத்தைச் சொந்த வார்த்தைகளில் எழுதச் சொன்னது படிவம். அண்ணன் வெகுநேரம் யோசித்தார். இருபது வருடம் ஆலையிலும் பிறகு இங்கேயும் எத்தனையோ கால்கள் செதுக்கியவர், ஒரு கால் ஏன் ஆடும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தன் சாமானைப் பற்றிச் சொல்லத்தான் நாக்கு புரளவில்லை.

"துளை பெரிசாப் போட்டுட்டேன்னு எழுது. கவனக் குறைவுன்னு எழுது."

"அண்ணா..."

"எழுது பாப்பா."

கதவோரம் நின்றிருந்த அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். புள்ளி அதை எழுத்துப் பிழையில்லாமல் அடித்தாள். கண்ணில் நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியதும் திரை வெள்ளையாகி, நன்றி என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே, இந்தப் பக்கத்தைப் பயன்படுத்தியது உங்களுக்கு எப்படி இருந்தது என்று ஒரு கேள்வி. கேள்விக்குக் கீழே வரிசையாக ஐந்து காலி நட்சத்திரங்கள், ஒரு புள்ளிகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகராமல்.

அவள் பக்கத்தை மூடப் போனாள். அண்ணன் அவள் கையைத் தடுத்தார்.

"இது நீ செஞ்சதுதானே?"

அவள் தலையை ஆட்டினாள்.

"குறைச்சுப் போட்டா உன்னை ஏதாவது கேப்பாங்க," என்று சொல்லி, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஐந்தாவது நட்சத்திரத்தை அழுத்தினார். ஐந்தும் நிறைந்தன.